மைனஸ் 99 உப்பு: அப்விண்டும் சென்ட்ரலும் பிரியும் இடம்

10 மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு மெல்லிய குழாயை எடுத்துக்கொள்வோம். அதன் இடது முனை நல்ல தண்ணீர்த் தொட்டியிலும் வலது முனை உப்புத் தண்ணீர்த் தொட்டியிலும் இருக்கின்றன. உப்பின் செறிவு இடப்பக்கம் 0, வலப்பக்கம் 100. குழாய்க்குள் தண்ணீர் இடமிருந்து வலமாக, நொடிக்கு 3 மைக்ரோமீட்டர் வேகத்தில் நகர்கிறது. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக ஏறக்குறைய 56 நிமிடம் ஆகும், அவ்வளவு மெதுவான ஓட்டம்.

இங்கே இரண்டு வேலைகள் ஒன்றுக்கொன்று எதிராக நடக்கின்றன. உப்பு, செறிவு அதிகமான வலப்பக்கத்திலிருந்து குறைவான இடப்பக்கத்துக்குத் தானாகப் பரவப் பார்க்கிறது. இது விரவல், அதாவது டிஃப்யூஷன். ஓடுகிற தண்ணீரோ வழியில் அகப்பட்ட உப்பையெல்லாம் வலப்பக்கமே தள்ளிக்கொண்டு போகிறது. இது கன்வெக்‌ஷன். நீண்ட நேரம் காத்திருந்து எல்லாம் நிலைத்த பிறகு, உப்பு எவ்வளவு தூரம் உள்ளே ஏறியிருக்கும்?

குழாய்ச் சுவரின் உராய்வு, உப்புத் தண்ணீரின் கூடுதல் எடை இரண்டையும் மறந்துவிட்டு ஒரே பரிமாணத்தில் யோசித்தால், இதற்குப் பேனாவாலேயே விடை எழுதிவிடலாம்:

`c(x) = 100 (e^(ux/D) − 1) / (e^(uL/D) − 1)`

`u` என்பது வேகம், `L` குழாயின் நீளம், `D` விரவல் கெழு. தண்ணீரில் சாப்பாட்டு உப்புக்கு `D` நொடிக்குச் சுமார் 1500 சதுர மைக்ரோமீட்டர். `D/u` என்று வகுத்தால் 500 மைக்ரோமீட்டர், அதாவது அரை மில்லிமீட்டர் வரும். வலது முனையிலிருந்து ஒவ்வொரு அரை மில்லிமீட்டர் உள்ளே போகும்போதும் உப்பு ஏறக்குறைய 2.7 மடங்கு குறையும். முனையிலிருந்து 1 மில்லிமீட்டர் உள்ளே 13.5 இருக்கும், 3 மில்லிமீட்டரில் 0.25தான். அதற்கு இடப்பக்கம் உப்பு இல்லை என்றே சொல்லிவிடலாம்.

சரியான விடை கையில் இருப்பதால்தான் இந்தக் குட்டிக் குழாயை எடுத்தேன். ஃபைனைட் வால்யூம் முறையில், சென்ட்ரல், அப்விண்ட் என்ற இரண்டு வழிகளிலும் போடும் கணினிக் கணக்கு எங்கே தடுமாறுகிறது என்பதை ஒவ்வொரு எண்ணாகப் பார்க்கலாம்.

## செல்லுக்கு ஒரு கணக்குப் புத்தகம்

ஃபைனைட் வால்யூம் முறையின் அடிப்படை ஒரு கடைக்காரரின் வரவு செலவுதான். குழாயை ஐந்து துண்டாக வெட்டுகிறோம். ஒவ்வொன்றும் 2 மில்லிமீட்டர், ஒவ்வொன்றும் ஒரு செல். நிலைத்த நிலையில் ஒரு செல்லின் இடது முகம் வழியாக எவ்வளவு உப்பு உள்ளே வருகிறதோ, அவ்வளவும் வலது முகம் வழியாக வெளியே போயாக வேண்டும். ஒரு செல்லிலிருந்து போனது அடுத்த செல்லுக்கு அப்படியே வரவு. இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரே முகம், அதற்கு ஒரே எண். அதனால் இடையில் உப்பு காணாமல் போகவும் முடியாது, புதிதாக முளைக்கவும் முடியாது.

ஒரு முகத்தைக் கடக்கும் பாய்வு இது:

`J = u·c(முகம்) − D·(dc/dx)(முகம்)`

நமக்குத் தெரிந்தது செல் மையங்களில் உள்ள செறிவு மட்டும். நடுவில் உள்ள செல்லை `P`, அதன் இடப்பக்கத்தை `W`, வலப்பக்கத்தை `E` என்று எழுதுவது இத்துறை வழக்கம். ஆங்கிலத்தில் மேற்கு, கிழக்கு என்பதன் முதல் எழுத்துகள். விரவல் உறுப்பில் பெரிய சர்ச்சை இல்லை. இரண்டு மையங்களின் வித்தியாசத்தை இடைவெளியால் வகுத்தால் சரிவு கிடைத்துவிடும். சண்டை முழுவதும் முதல் உறுப்பில்தான்: முகத்தில் செறிவு என்ன? அங்கே நாம் எதையும் கணக்கிட்டு வைத்திருக்கவில்லையே.

சென்ட்ரல் முறை, இரண்டு பக்கச் செல்களின் சராசரியை எடுத்துக்கொள்கிறது. யாரும் முதலில் யோசிப்பது இதைத்தான். அப்விண்ட் முறை, தண்ணீர் எந்தச் செல்லிலிருந்து வருகிறதோ அந்தச் செல்லின் மதிப்பையே முகத்துக்கும் கொடுக்கிறது. நம் குழாயில் எப்போதும் இடப்பக்கச் செல்லின் மதிப்பு. பார்க்க முரட்டுத்தனமாகத் தெரியும். ஆனால் ஆற்றங்கரையில் நிற்பவர் காலைத் தொடப்போவது மேல்பக்கத்துத் தண்ணீர்தானே?

இப்போது எண்களைப் போடுவோம். `u = 3`. விரவலின் பலம் `D/Δx = 1500/2000 = 0.75`. நடுவில் உள்ள ஒரு செல்லுக்கு வரவையும் செலவையும் சமன் செய்து சுருக்கினால், சென்ட்ரல் தருவது

`c_P = 1.5 c_W − 0.5 c_E`

அப்விண்ட் தருவது

`c_P = (5 c_W + c_E) / 6`

இந்த இரண்டு வரிகளையும் கொஞ்சம் நேரம் பார்த்துக்கொண்டிருங்கள். மீதிக் கட்டுரை முழுவதும் இவற்றுக்குள்தான் இருக்கிறது.

முனைச் செல்களில் மையத்துக்கும் தொட்டிக்கும் நடுவே பாதித் தூரம்தான், அதனால் அங்கே விரவலின் பலம் இரட்டிப்பாகி 1.5 ஆகிறது. இதையும் சேர்த்து ஐந்து சமன்பாடுகளைத் தீர்த்தால் வருவது:

| மையம் (மி.மீ.) | சரியான விடை | சென்ட்ரல் | அப்விண்ட் |
|---|---|---|---|
| 1 | 0.00 | −0.82 | 0.04 |
| 3 | 0.00 | 4.10 | 0.25 |
| 5 | 0.00 | −10.66 | 1.32 |
| 7 | 0.25 | 33.61 | 6.65 |
| 9 | 13.53 | −99.18 | 33.32 |

100 அளவுக்கு உப்பு இருக்கிற தொட்டிக்குப் பக்கத்துச் செல்லில் மைனஸ் 99! ஒரு செல்லில் பிளஸ், அடுத்ததில் மைனஸ் என்று மாறி மாறி ஆடுகிறது. அப்விண்ட் அப்படி ஆடவில்லை, ஆனால் அதுவும் சரியில்லை. கடைசிச் செல்லில் இருக்க வேண்டியதைப் போல இரண்டரை மடங்கு உப்பைக் காட்டுகிறது.

படிக்கிற காலத்தில் இப்படி ஒரு எதிர்மறைச் செறிவு வந்தபோது, மைனஸ் வந்த இடத்திலெல்லாம் 0 போட்டு வெட்டிவிட்டேன். படம் அழகாகிவிட்டது. வரவு செலவு நாறிப்போனது. நீங்கள் அதைச் செய்யாதீர்கள்.

இங்கே வேடிக்கை என்னவென்றால், சென்ட்ரலின் கணக்குப் புத்தகத்தில் ஒரு பைசா பிசகு இல்லை. இடது முனையில் உள்ளே வரும் பாய்வு 1.23, வலது முனையில் வெளியேறுவதும் 1.23. உப்பு துல்லியமாகப் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. ஆனால் நல்ல தண்ணீர்த் தொட்டியிலிருந்து உப்பு குழாய்க்குள் ஓடுகிறது என்றல்லவா அந்தப் புத்தகம் சொல்கிறது! வரவு செலவு பொருந்துவது வேறு, பதிவான தொகை உண்மையாக இருப்பது வேறு. ஃபைனைட் வால்யூம் முதலாவதற்குத்தான் உத்தரவாதம் தரும்.

## மைனஸ் எங்கிருந்து வந்தது

சென்ட்ரல் வரியில் `c_E`-க்கு முன்னால் மைனஸ் 0.5 நிற்கிறது. வலப்பக்கச் செல்லில் உப்பு கூடினால் இந்தச் செல்லில் உப்பு குறையும் என்று அதற்கு அர்த்தம். எந்தக் குழாயிலும் இப்படி நடக்காது. பக்கத்து வீட்டில் புகை அதிகமானால் நம் வீட்டில் புகை குறையுமா?

அந்தக் கெழுவின் மூலம் `D/Δx − u/2`. விரவல் தருவது 0.75, சராசரி எடுத்ததால் கன்வெக்‌ஷன் பிடுங்கிக்கொள்வது 1.5. பிடுங்குவது கொடுப்பதை விட அதிகமானால் குறி மாறிவிடும். மாறாமல் இருக்க `uΔx/D` என்ற எண் 2-க்குள் இருக்க வேண்டும். இதற்குச் செல் பெக்லே எண் என்று பெயர், 19-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு இயற்பியலாளர் பெக்லேவின் நினைவாக. இனி `P` என்று தனியாக எழுதினால் இந்த எண்ணையே குறிக்கும். நம் குழாயில் ஐந்து செல்லுக்கு `P = 4`. இரு மடங்கு மீறல்.

அப்விண்டில் இரண்டு கெழுக்களும் எப்போதும் பிளஸ், கூட்டினால் 1. ஒவ்வொரு செல்லும் தன் இரண்டு பக்கத்துச் செல்களின் எடையிட்ட சராசரி. சராசரி என்றால் அது சிறியதற்கும் பெரியதற்கும் நடுவில்தான் இருக்கும். அதனால் எவ்வளவு பெரிய செல் போட்டாலும் 0-க்குக் கீழேயோ 100-க்கு மேலேயோ போக வழியே இல்லை.

இன்னொரு விதமாகவும் பார்க்கலாம், எனக்கு இதுதான் பிடித்தது. சரியான விடையில், ஒரு செல் மையத்திலிருந்து அடுத்த மையத்துக்குப் போனால் செறிவு எத்தனை மடங்கு கூடுகிறது? குழாயின் ஆரம்பத்தை விட்டு நகர்ந்த பிறகு, ஏறக்குறைய `e^P` மடங்கு. மேலே எழுதிய இரண்டு வரிகளுக்கும் இதே கேள்வியைப் போட்டால் அப்விண்ட் `1 + P` என்கிறது, சென்ட்ரல் `(2 + P)/(2 − P)` என்கிறது. இரண்டுமே `e^P`-ஐத் தொட்டுப் பார்க்கும் இரு முயற்சிகள்.

`P = 4` என்று போடுங்கள். உண்மை 54.6 மடங்கு. அப்விண்ட் 5 மடங்கு. அதாவது குறைவாக ஏறுகிறது, அதனால் உப்பு உள்ளே பரந்து கிடக்கிறது. சென்ட்ரல் மைனஸ் 3 மடங்கு. அதனால்தான் ஒவ்வொரு செல்லுக்கும் குறி மாறுகிறது. அட்டவணைக்குத் திரும்பிப் போய் 33.61-லிருந்து −99.18, 6.65-லிருந்து 33.32 என்று வகுத்துப் பாருங்கள், ஏறக்குறைய இந்த மடங்குகளே தெரியும்.

சரி, `P`-ஐச் சிறியதாக்கினால்? `P = 0.2` எடுத்துக்கொள்வோம். உண்மை 1.2214, சென்ட்ரல் 1.2222, அப்விண்ட் 1.2. இப்போது ஆட்டம் தலைகீழ். சென்ட்ரல் ஏறக்குறைய ஒட்டிக்கொண்டுவிட்டது, அப்விண்ட் பின்தங்கி நிற்கிறது.

## நூறு செல் போட்டால்

`P = 0.2` என்பது நம் குழாயில் 100 செல். ஒவ்வொன்றும் 0.1 மில்லிமீட்டர். 9.05 மில்லிமீட்டரில் உள்ள செல் மையத்தைப் பார்ப்போம். சரியான விடை 14.96. சென்ட்ரல் 14.79 தருகிறது, அப்விண்ட் 17.62. நூறு செல் போட்ட பிறகும் அப்விண்டின் பிழை 2.66, சென்ட்ரலின் பிழை 0.17.

இந்தப் பிடிவாதமான பிழை எங்கிருந்து வருகிறது என்பதை ஒரு சின்ன வித்தையால் காட்டிவிடலாம். அப்விண்ட் பாய்வை எடுத்துச் சராசரி வடிவில் திருப்பி எழுதினால்,

`u·c_P = u(c_P + c_E)/2 − (uΔx/2)·(c_E − c_P)/Δx`

வலப்பக்கத்து முதல் உறுப்பு சென்ட்ரல். இரண்டாவது உறுப்பு அச்சு அசலாக ஒரு விரவல் உறுப்பு, அதன் கெழு `uΔx/2`. ஆக, அப்விண்ட் என்பது சென்ட்ரலேதான், கூடவே யாருக்கும் சொல்லாமல் கொஞ்சம் விரவலைக் கலந்துவிடுகிறது. ஐந்து செல் கணக்கில் இந்தப் பொய் விரவல் `3 × 2000/2 = 3000`. உப்பின் உண்மையான விரவலே 1500தான்! நாம் கேட்டது ஒரு திரவத்தைப் பற்றி, அப்விண்ட் விடை சொன்னது மூன்று மடங்கு விரவல் உள்ள வேறொரு திரவத்துக்கு.

100 செல்லில் பொய் விரவல் 150 ஆகிறது, உண்மையான விரவலில் பத்தில் ஒரு பங்கு. செல்லைப் பாதியாக்கினால் இதுவும் பாதியாகும், அவ்வளவுதான். சென்ட்ரலில் செல்லைப் பாதியாக்கினால் பிழை கால் பங்காகும். முதல் படி, இரண்டாம் படித் துல்லியம் என்று புத்தகங்கள் சொல்வது இதைத்தான்.

நீங்களே ஓட்டிப் பார்க்க இது போதும். மேலே உள்ள எண்கள் எல்லாம் இதிலிருந்தே வரும். `N`-ஐயும் `upwind`-ஐயும் மாற்றினால் போதும்.

```python
import numpy as np

N, L, u, D, cR = 5, 10000.0, 3.0, 1500.0, 100.0
upwind = False
d = D * N / L
k = u if upwind else u / 2
aW, aE = d + k, d + k - u

A, b = np.zeros((N, N)), np.zeros(N)
for i in range(N):
    A[i, i] = aW + aE
    if i > 0:
        A[i, i-1] = -aW
    if i < N - 1:
        A[i, i+1] = -aE
A[0, 0] = aW + 2*d
A[-1, -1] = aE + 2*d + (u if upwind else 0)
b[-1] = (2*d - (0 if upwind else u)) * cR
print(np.linalg.solve(A, b))
```

`N = 9` போட்டுப் பாருங்கள், `P` இரண்டைக் கொஞ்சம் தாண்டியிருக்கும். அப்புறம் `N = 11` போட்டால் கொஞ்சம் கீழே வரும். சென்ட்ரலின் ஆட்டம் எங்கே அடங்குகிறது என்று கண்ணால் தெரியும்.

## எதை நம்புவது

இரண்டின் தவறும் இரண்டு விதமாகத் தோன்றும் என்பதுதான் நடைமுறையில் முக்கியம். சென்ட்ரல் தவறினால் கத்தும். ஒரு செல் விட்டு ஒரு செல் மேலும் கீழும் போகும், எதிர்மறைச் செறிவு வரும். எத்தனை முறை திரும்பத் திரும்பத் தீர்த்தாலும் போகாது, செல்லைச் சிறிதாக்கினால் மட்டும் போகும். அப்விண்ட் தவறினால் சத்தமே வராது. வழவழப்பான, யாரும் ஒப்புக்கொள்ளும் படமாக இருக்கும். அதனால் இரண்டில் ஆபத்தானது அப்விண்ட்தான் என்பது என் எண்ணம்.

அதைப் பிடிக்க ஒரு வழி உண்டு. செல்லைப் பாதியாக்கி மறுபடி ஓட்டுங்கள். உப்பு ஏறிய பகுதியின் அகலம் கூடவே சுருங்கினால், நீங்கள் அளந்துகொண்டிருந்தது உப்பின் விரவலை அல்ல, செல்லின் அகலத்தை. ஓட்டுவதற்கு முன்பே `uΔx/2`-ஐ `D`-யோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடுவது இன்னும் மலிவு.

`e^P` சரியென்று தெரிந்தும் அதையே நேராகப் போட்டுவிட்டால் என்ன என்று கேட்கலாம். போடலாம். ஒரு பரிமாணத்தில், வேகம் மாறாமல், நடுவில் வேறு உப்பு சேராமல் இருந்தால் அது துல்லியமான விடையே தரும். இரண்டு பரிமாணத்தில் ஓட்டம் செல்களுக்குக் குறுக்கே சாய்வாகப் போனால், பெரிய `P`-யில் அதுவும் அப்விண்டைப் போலவே எல்லாவற்றையும் இழுகிவிடும். 1972-இல் ஸ்பால்டிங் மலிவான சமரசம் ஒன்றை முன்வைத்தார்: `P` 2-க்குள் இருந்தால் சென்ட்ரல், தாண்டினால் விரவலை விட்டுவிட்டு வெறும் அப்விண்ட். ஹைப்ரிட் என்று பெயர் பெற்ற இது வெகுகாலம் ஓடியது. இன்று பெரும்பாலானோர் மேல்பக்கத்து இரண்டு செல்களைப் பார்த்து முகத்தின் மதிப்பை ஊகிக்கும் முறைகளைப் பயன்படுத்துகிறார்கள். திரவ ஓட்டத்தைக் கணக்கிடும் OpenFOAM மென்பொருளில் `divSchemes` பகுதியில் `Gauss linear` என்று எழுதினால் சென்ட்ரல், `Gauss upwind` என்றால் அப்விண்ட், `Gauss linearUpwind grad(c)` என்றால் இந்த மூன்றாவது வகை.

ஒரு திருத்தத்தையும் சொல்லியாக வேண்டும். `P` 2-ஐத் தாண்டினால் சென்ட்ரல் கட்டாயம் ஆடும் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. அதே குழாயில் இடது தொட்டியில் 100 வைத்து, வலது முனையைத் தொட்டியில் முக்காமல் திறந்து விடுங்கள், உப்பு தண்ணீரோடு சும்மா வெளியேறட்டும். அதே ஐந்து செல், அதே `P = 4`. சென்ட்ரல் எல்லாச் செல்லிலும் சரியாக 100 என்று தரும், ஒரு சின்ன அசைவு கூட இருக்காது. முதல் கணக்கில் 2 மில்லிமீட்டர் செல்லுக்குள் அரை மில்லிமீட்டர் அகலமுள்ள செங்குத்தான ஏற்றத்தைத் திணிக்கச் சொன்னோம். அது முடியாமல்தான் ஆடியது. 1981-இல் க்ரெஷோவும் லீயும் இந்த ஆட்டத்தை அடக்கப் பார்க்காதீர்கள், அது எதையோ சொல்லவருகிறது என்று வாதாடினார்கள். நம் குழாயில் அது சொல்வது இடம் சுட்டி: வலது முனைக்கு அருகே, கடைசி ஓரிரு மில்லிமீட்டரில் செல் போதவில்லை. இடது பக்கம் முழுவதும் பெரிய செல்களாகவே இருக்கலாம், அங்கே எதுவும் நடக்கவில்லை. சிறிய செல்களை எல்லாம் வலது முனையில் குவித்தால் சென்ட்ரலே போதும்.